எதிர்ப்பக்கம் இருந்து படித்தவர்

ராமதாஸுக்கு உலகம் தலைகீழாகத்தான் பழக்கம். மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ப்ளாக் எடுக்கும் கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், கட்சி நோட்டீஸுக்குத் தலைவர் முகம், சீயக்காய்ப் பொட்டலத்துக்குப் பெண் படம் என்று எது வேண்டுமானாலும் அச்சகக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள். அவர் அதைப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்துக் கொடுப்பார். அந்தக் கட்டைதான் ப்ளாக்.

கடையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது அவருடைய காமிரா. அதன் பின்பக்கத்துச் சொரசொரப்புக் கண்ணாடியில் பிம்பம் தலைகீழாக விழும். அதனால் படம் எடுக்க வேண்டிய தாளையே பலகையில் தலைகீழாகக் குத்திவிடுவார். கண்ணாடியில் அது நேராகத் தெரியும். தகட்டில் இன்னொரு தொல்லை. அச்சில் எழுத்து நேராக வர வேண்டுமென்றால் தகட்டில் அது முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறி நிற்க வேண்டும். இப்படி இருபது வருஷம் மேலும் கீழும் இடமும் வலமுமாகப் படித்துப் படித்து, ஒரு தாளை எப்படி நீட்டினாலும் கடகடவென்று வாசிக்கிற ஆளாகிவிட்டார். டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவன் படிக்கும் பேப்பரை அவனுக்கு முந்தி இவர் படித்து முடித்துவிடுவார். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

"எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதாண்ணே" என்பார். அதைச் சொல்லாத நாள் கிடையாது.

1979இல் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தி, ஆரப்பாளையத்தில் அச்சகம் வைத்திருந்த நல்லகாமன் ஒரு உறையோடு வந்தார். சில பள்ளிக்கூடங்கள் சேர்ந்து பொதுவாக நடத்தும் தேர்வு. எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள். அந்தக் காலத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குள் கணம், சேர்ப்பு, வெட்டு என்று புதுக் கணக்கெல்லாம் நுழைந்திருந்தது. அதற்கான குறிகள் நல்லகாமனின் எழுத்துப் பெட்டியில் இல்லை. கூட்டல் இருந்தது, கழித்தல் இருந்தது. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று காட்டும் மூக்குக் குறிகூட இல்லை. ஆகவே கேள்வியின் தமிழை அச்சுக் கோத்துவிட்டு, குறி வருகிற கணக்கு வரிகளை மட்டும் ப்ளாக்காகப் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. தாள் தயாரித்தவர் பேரையூர்ப் பக்கத்து வாத்தியார் சின்னச்சாமி. கணக்கு வரிகளை இரண்டு வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் அழகாக எழுதியிருந்தார்.

"வெளியில போயிரக் கூடாதுண்ணே. உங்களை நம்பித்தான் குடுக்கேன்" என்றார் நல்லகாமன்.

"என் மகளே இந்தப் பரிச்சையத்தான் எழுதுறா. அவளுக்கே தெரியாது, போதுமா?" என்றார் ராமதாஸ்.

சொன்னபடி நடந்தும் காட்டினார். மகள் ராதாமணி வீட்டில் அதே கணக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாயே திறக்கவில்லை. அந்த நேர்மையை நினைத்து அவருக்கே ஒரு பூரிப்பு.

கணக்குத் தாளைப் படம் பிடிப்பதில் உள்ள சூதெல்லாம் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். பாதி நிஜம்தான். கூட்டல் குறி சாது; எப்படிப் புரட்டினாலும் கூட்டலாகவே இருக்கும். பெருக்கலும் அப்படியே. சமக்குறி தலைகீழானால் தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்தால் இரண்டு கம்பாக நிமிர்ந்து பதினொன்றுபோல் நிற்கும். கழித்தல் சாய்ந்தால் ஒன்றாகிவிடும். சேர்ப்புக்குப் போடும் கிண்ணம் கவிழ்ந்தால் வெட்டு. வலது பக்கம் சாய்ந்தால் உட்கணம். இதற்காகவே அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு ப்ளாக்கின் கட்டையிலும் கீழ்ப்பக்கம் எதுவோ அங்கே அரத்தால் ஒரு வெட்டு போடுவார். அச்சுக் கோப்பவன் அந்த வெட்டைப் பார்த்து வைத்தால் போதும். கணக்குப் புரிய வேண்டியதில்லை.

சின்னச்சாமி வாத்தியாரின் இரண்டு தாளிலும் கணக்குகள் மேல்பாதியோடு முடிந்து, அடியில் வெற்றிடம் கிடந்தது. பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நேரம். ராமதாஸ் இரண்டு தாளையும் அடியோடு அடி சேர்த்து, வெற்றிடத்தின் மேல் வெற்றிடத்தை ஏற்றிப் பலகையில் குத்தினார். ஒரே பிலிமில் இரண்டும் அடங்கின. கண்ணாடியில் முதல் தாள் நேராகத் தெரிந்தது, இரண்டாவது தலைகீழாகத் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகைப் படங்களை இப்படிச் சேர்த்து எடுப்பது அவருக்குத் தினப்படி வேலை. தகட்டை வரிவரியாக அறுத்த பிறகு, தலைகீழாக இருப்பதைத் திருப்பிக் கட்டையில் அடித்துவிட்டால் முடிந்தது.

அப்படித்தான் செய்தார். ஒரு வரியில் ஏழு கவிழ்ந்து கிடந்தது, திருப்பினார். இன்னொன்றில் A என்ற எழுத்து காலைத் தூக்கிக்கொண்டிருந்தது, திருப்பினார். கடைசியாக ஒரு குட்டி வரி கைக்கு வந்தது. அது பாட்டுக்கு நேராக இருந்தது. கீழே வெட்டைப் போட்டு, ஆணியடித்து, பொட்டலத்தில் சேர்த்துவிட்டார். மற்றவை கவிழ்ந்திருக்க இது மட்டும் ஏன் நேராக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான் என்கிற மனுஷனுக்கு அந்த யோசனை எங்கிருந்து வரும்?

ராமதாஸ் வீடு மகால் பக்கத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் ஏழெட்டுக் குடித்தனம், பாதி வீடுகளில் தறி. எல்லாரும் சௌராஷ்டிரர், உள்ளே பேச்சும் சௌராஷ்டிரம்தான். நமக்காக அதைத் தமிழில் சொல்கிறேன். முற்றத்தின் எதிர் வரிசையில் குடியிருந்தவள் ராமதாஸின் அக்கா அலர்மேல்மங்கை. அவளுக்குத் தறி ஓட்டுகிற ஒரு மகன். ராதாமணி பெரியவளான நாளிலிருந்து அக்காவுக்கு ஒரே பாட்டு. "பொம்பளப் பிள்ளைக்கு எட்டாவது காணாதா? அரைப் பரிச்சையோட நிறுத்து ராமு. என்கூட இருந்து நூல் சுத்தப் பழகட்டும். ரெண்டு வருஷத்துல நானே கூட்டிக்கிறேன்."

ராமதாஸ் பிடி கொடுக்கவில்லை. "அவ நல்லாப் படிக்கிறாக்கா. கணக்குல கெட்டி. படிக்கிற வரைக்கும் படிக்கட்டும்" என்று சொல்லிவந்தார். அந்தக் கணக்கு ஒன்றுதான் அந்தப் பிள்ளைக்குத் துணை. அது கைவிட்டால் நூல் சுற்றப் போக வேண்டியதுதான் என்பது ராதாமணிக்கும் தெரியும்.

கடைசித் தேர்வாகக் கணக்கு நடந்த அன்று சாயங்காலம் ராமதாஸ் சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு வந்தார். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த ஆசை. முற்றத்தில் பாயை விரித்து, "கேள்வித்தாளக் கொண்டா, ஒவ்வொண்ணாக் கேப்போம்" என்றார். ராதாமணி எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் பார்த்து விரித்துவைத்தாள். அக்கா முறத்தோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்த நாலு பெண்களும் காதை இந்தப் பக்கம் கொடுத்தார்கள். ராமதாஸுக்கு அது பிடித்திருந்தது. எதிர்ப்பக்கம் இருந்தபடியே தாளைத் தலைகீழாக வாசித்துக் கேட்டார். ராதாமணி டக்டக்கென்று பதில் சொன்னாள். அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"சரியா தவறான்னு ஒரு கேள்வி இருக்கே. பதினாறு, தொண்ணூத்தி ஒண்ணு. அதுக்கு என்ன எழுதுன?"

"தவறுன்னு எழுதுனேன்ப்பா."

ராமதாஸ் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த வரி பளிச்சென்று தெரிந்தது: 16 < 91. வாத்தியார் கையால் எழுதியதும் அதுவே. படம் பிடித்தபோது பார்த்தது நன்றாக ஞாபகம் இருந்தது. பிள்ளைகள் ஒரு மார்க்காவது வாங்கட்டும் என்று வைத்த சுலபமான கேள்வி என்று அப்போதே நினைத்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு சின்னதா, தொண்ணூத்தி ஒண்ணு சின்னதா?"

"பதினாறுதாம்ப்பா சின்னது."

"அப்ப அது சரிதான? ஏன் தவறுன்னு எழுதுன?"

"தாள்ல அப்படி இல்லப்பா. பதினாறு பெருசுன்னு போட்டிருக்கு. நீங்களே பாருங்களேன்."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்றியா?"

அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே, "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லும். இதுக்குத்தானா இம்புட்டுப் படிப்பு?" என்றாள். பாவு சுற்றின பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது. ராதாமணி மறுபடியும், "பொய் சொல்லலப்பா, இங்க வந்து பாருங்க" என்றாள். கை ஓங்கியதும் கன்னத்தில் விழுந்ததும் ராமதாஸுக்கே தெரியவில்லை. அடித்ததோடு விட்டாரா? எழுந்து நிற்கச் சொன்னார். "பதினாறு சின்னது, தொண்ணூத்தி ஒண்ணு பெருசு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். இன்னும் சத்தமாக என்றார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். தறிச் சத்தமெல்லாம் நின்று, காம்பவுண்டே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அவள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "விடுங்க, வளந்த பிள்ளை" என்று கையைப் பிடித்த பிறகுதான் விட்டார்.

"பொங்கல் கழியட்டும்க்கா. பள்ளிக்கூடத்துல பேரை எடுத்துர்றேன்" என்றார் அக்காவிடம். கோபத்தில் சொன்னாலும் நாலு பேர் முன்னால் சொன்ன சொல். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ராதாமணி அழவில்லை. புத்தகப் பையைத் தொடவுமில்லை. அத்தை வீட்டுக்குப் போய் நூல் சுற்ற உட்கார்ந்தாள். ராமதாஸுக்கு உள்ளே என்னவோ அரித்தது. பிள்ளை படிப்பில் அசட்டையாகிவிட்டாள், இப்போதே கண்டித்தது நல்லதுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் திறந்தும் ராதாமணி போகவில்லை. சில நாளில் நல்லகாமன் கடைக்கு வந்தார். கூடவே வேட்டியும் கசங்கிய சட்டையுமாக ஒருவர், சின்னச்சாமி வாத்தியார். பேரையூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அச்சகத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார்.

"சார், உங்களைச் சண்டை பிடிக்க வரல" என்றுதான் வாத்தியார் ஆரம்பித்தார். "எங்க பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்கிற பிள்ளைக அம்புட்டும் அந்த ஒரு கேள்விக்குத் தவறுன்னு எழுதியிருந்துச்சு. காப்பியடிச்சிட்டாகன்னு நெனச்சு எல்லாத்தையும் வெயில்ல நிப்பாட்டிட்டேன். பெறகுதான் அச்சடிச்ச தாளை எடுத்துப் பாக்குறேன், பதினாறு பெருசுன்னு கெடக்கு. மத்த பள்ளிக்கூடத்து வாத்தியாருக வேற, பேரையூர்ல பதினாறுதான் பெருசாமேன்னு கேக்குறாக. எங்க பெசகுச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"எங்கயும் பெசகியிருக்காது. நானும் தாளைப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு" என்றார் ராமதாஸ்.

நல்லகாமன் கேள்வித்தாளை மேசையில் போட்டார். பக்கத்தில் வாத்தியாரின் கையெழுத்துப் பிரதியை வைத்தார். இந்த முறை இரண்டும் ராமதாஸ் பக்கம் பார்த்து நேராக இருந்தன. கையெழுத்தில் 16 < 91. அச்சில் 16 > 91.

ராமதாஸ் அச்சுத் தாளைத் திருப்பினார். 16 < 91. மறுபடி திருப்பினார். 16 > 91. எழுத்தெல்லாம் கவிழ்ந்து நிமிர்ந்தது. அந்த ஒரு வரி மட்டும் எந்தப் பக்கமும் கணக்காகவே நின்றது. வாத்தியார் ஒன்றை வெறும் கோடாகப் போட்டிருந்தார். அவர் கையில் ஆறைக் கவிழ்த்தால் ஒன்பது, ஒன்பதைக் கவிழ்த்தால் ஆறு. தலைகீழானதும் 91 பின்னாலிருந்து முன்னால் வந்து 16 ஆகிவிடுகிறது; முன்னால் இருந்த 16 பின்னால் போய் 91 ஆகிவிடுகிறது. எண்கள் இரண்டும் அதே இடத்தில் அதே எண்ணாக நிற்க, நடுவில் இருந்த மூக்கு மட்டும் திசை மாறிக்கொள்கிறது.

"அச்சுக் கோக்குறவன் ப்ளாக்கைத் திருப்பி வச்சுட்டானோ?" என்றார்.

நல்லகாமன் பையிலிருந்து அந்தக் குட்டி ப்ளாக்கை எடுத்து வைத்தார். "உங்க வெட்டைப் பாத்துத்தாண்ணே வச்சிருக்கான். சரிபாத்த எனக்கும் நம்பரெல்லாம் அதேதானேன்னுதான் பட்டுச்சு."

வெட்டு தப்பான பக்கத்தில் இருந்தது. ராமதாஸ் பழைய பிலிமைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியோடு அடி சேர்ந்த இரண்டு தாள். இரண்டாவது தாளின் எல்லா வரியும் கவிழ்ந்திருக்க, அது மட்டும் யோக்கியன்போல நேராக நின்றது. அவர் கைப்பட எடுத்தது, கைப்பட அறுத்தது, கைப்பட வெட்டுப் போட்டது.

"தப்பு என்னுது சார்" என்றார்.

வாத்தியார் நல்ல மனுஷர். "விடுங்க சார். அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் மார்க் போட்டுரலாம்னு எழுதிப் போட்டாச்சு. வெயில்ல நின்ன பிள்ளைககிட்டத்தான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு தெரியல" என்றார். ராமதாஸ் காதில் அதற்குமேல் எதுவும் ஏறவில்லை. 'இங்க வந்து பாருங்க' என்று ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். எடுக்க வேண்டிய படம் எதுவும் பலகையில் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு கெட்ட எண்ணமும் கூடவே வந்தது. அச்சில் பிழை என்று மட்டும் சொல்லிவிடலாம். ப்ளாக் யார் எடுத்தது என்று இந்தக் காம்பவுண்டில் யாருக்குத் தெரியும்? ரகசியமாகச் செய்த வேலைதானே. நேர்மை என்று பூரித்துக்கொண்டது இப்போது ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. முற்றத்துக்குள் நுழைகிறவரை அந்த எண்ணம் விடவில்லை.

ராதாமணி அத்தை வீட்டு வாசலில் ராட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைப் பார்த்ததும் ராமதாஸுக்கு ஒளிந்துகொள்ள முடியவில்லை. அதே பெண்கள் பாவு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதே இடத்தில் நின்றார்.

"அக்கா, அன்னிக்கு இவ சொன்னதுதான் சரி. தாள்ல பதினாறு பெருசுன்னுதான் போட்டிருந்துச்சு. நான் எதுத்தாப்புல உக்காந்து தலைகீழாப் பாத்துட்டு அடிச்சிட்டேன். அந்தத் தாளைத் தப்பா எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அக்கா வாசலுக்கு வந்து, "அது கெடக்கட்டும். பள்ளிக்கூடத்துல பேரை எடுக்கிறேன்னு நாலு பேர் முன்னாடி சொன்னியே, அது?" என்றாள்.

"பிள்ளை சொன்னதக் கேக்காமச் சொன்னது அது. அவ நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. ராதாமணி ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வரவில்லை.

"ஒருவாட்டி என் பக்கம் வந்து பாத்திருக்கலாமேப்பா" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் ராமதாஸ் சமாளித்திருப்பார். அவள் கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போனாள். ராமதாஸ் ப்ளாக் கட்டைகளில் வெட்டுப் போடும் வழக்கத்தை மாற்றினார். தாளைப் பலகையில் குத்துவதற்கு முன்பே ஒவ்வொரு வரிக்கும் தலைப்பக்கம் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியையும் சேர்த்தே படம் பிடித்தார். வரி எந்தப் பக்கம் நேராகத் தெரிந்தாலும் புள்ளி சொல்வதுதான் தலை. 'எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான்' என்ற பேச்சு அவர் வாயிலிருந்து அடியோடு போயிற்று. டீக்கடையில் எதிரே இருப்பவன் பேப்பரை விரித்தால் வேறெங்கோ பார்ப்பார். தொழிலில் திருந்துவது சுலபம். வீட்டில்தான், மகளிடம் பரீட்சை பற்றிக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை.

வருஷப் பரீட்சை வந்தது. கணக்குத் தேர்வு முடிந்த சாயங்காலம் ராமதாஸ் முற்றத்துப் பாயில் சும்மா உட்கார்ந்திருந்தார். கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ராதாமணியே கேள்வித்தாளோடு வந்தாள். வழக்கம்போல எதிரே உட்கார்ந்தாள். தாளை விரித்தாள். பிறகு அதை மெல்லத் திருப்பி, எழுத்தெல்லாம் அவரைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். தனக்கு அது தலைகீழாகிவிட்டதைப் பற்றிக் கவலைப்படாமல் குனிந்து, எழுத்துக்கூட்டி முதல் கேள்வியைத் தேடினாள்.

"இப்ப நேராத் தெரியுதாப்பா?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டுகிற குணம் அந்தப் பிள்ளைக்குக் கிடையாது; அப்பாவுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமே என்றுதான் கேட்டாள். ராமதாஸ் எழுந்து, பாயைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தாள் நேராக இருந்தும் முதல் கேள்வியைப் படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.